நினைவகத்தில் அடங்காத கோப்பு: டோக்கன் விற்பனைப் பதிவு ஒன்றைத் துண்டு துண்டாகப் படிப்பது எப்படி

டர்பனில் ப்ரீபெய்ட் மீட்டர் உள்ள வீட்டில் வாழ்கிறவருக்கு மாதத்தின் முதல் நாள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதியோர் உதவித்தொகையும் சம்பளமும் கைக்கு வரும் நாட்களில் தெருமுனைக் கடையில் மின்சார டோக்கன், அதாவது மீட்டரில் தட்டினால் யூனிட் ஏறும் எண், வாங்க வரிசை நிற்கும். மாதக் கடைசியில் அதே ஆட்கள் இருபது ராண்டுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். இந்த வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், நாம் பார்க்கப்போகும் கோப்பில் நிகழக்கூடிய பிழைகளில் பாதி, இந்த வழக்கத்தை மறந்துவிட்டு எண்களை மட்டும் பார்ப்பதால் வருபவை.

கோப்பு இதுதான்: 2019 ஜூலை 1 முதல் 2025 ஜூன் 30 வரை, ஆறு ஆண்டுகளில் ஒரு விநியோகப் பகுதியில் விற்ற ஒவ்வொரு டோக்கனுக்கும் ஒரு வரி. மீட்டர் எண், விற்ற நேரம், கட்டிய ராண்டு, கிடைத்த யூனிட், 20 இலக்க டோக்கன் எண், கடையின் குறியீடு ஆகியவை ஒவ்வொரு வரியிலும் உண்டு. கணக்கு எளிதாக இருக்க எண்களை முழுமையாக்கிச் சொல்கிறேன்: 4 லட்சம் மீட்டர்கள், 15 கோடி வரிகள், வட்டில் 12 ஜிபி. மடிக்கணினியின் நினைவகம் 8 ஜிபி.

இப்படி ஒரு கோப்பு கைக்கு வந்ததும் பலர் முதலில் செய்வது அதை எக்செலில் திறப்பது. எக்செலின் ஒரு தாளில் 10,48,576 வரிகளுக்கு மேல் நிற்காது. மீதி ஏறவில்லை என்று அது ஒருமுறை எச்சரிக்கும். எச்சரிக்கையை மூடிவிட்டால் திரையில் இருப்பது முழுக் கோப்பு போலவே தோன்றும். நாளொன்றுக்குச் சராசரியாக 68,000 வரிகள் என்றால், அந்தத் தாளில் இருப்பது 2019 ஜூலையின் முதல் 15 நாட்கள் மட்டுமே. அது குளிர்காலம், மாதத் தொடக்கம், நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலை 1 அன்று பிறப்பதால் கட்டணம் மாறிய முதல் பதினைந்து நாட்களும் அதுவே. அங்கிருந்து சராசரி எடுத்தால், ஒரு குடும்பம் ஒரு தடவையில் வாங்கும் தொகை உண்மையிலிருந்து விலகித் தெரியும். பைத்தானின் பாண்டாஸ் நூலகத்தில் `nrows=1_000_000` என்று எழுதி முதல் பத்து லட்சம் வரிகளை எடுப்பவரும் இதே குழியில்தான் விழுகிறார். கோப்பின் தலைப்பகுதியை மாதிரி என்று எண்ணக்கூடாது. நெடுவரிசைகள் என்னென்ன, தேதி எந்த வடிவில் எழுதப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ள மட்டுமே அது உதவும்.

12 ஜிபி கோப்பு 8 ஜிபியில் அடங்காது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 16 ஜிபி கணினி வாங்கிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பைத்தான் 3.11 வரையிலான பதிப்புகளில் 11 எழுத்துள்ள மீட்டர் எண்ணைச் சாதாரண எழுத்துச் சரமாக வைத்தால், சரத்துக்கு 60 பைட்டும் அதைச் சுட்டும் முகவரிக்கு 8 பைட்டும் போகும். 19 எழுத்துள்ள நேரத்துக்கு 76, டோக்கன் எண்ணுக்கு 77. இப்படிக் கூட்டிக்கொண்டே போனால், வட்டில் 80 பைட் இருந்த வரி நினைவகத்தில் ஏறக்குறைய 300 பைட் ஆகிறது. 15 கோடி வரிக்கு 45 ஜிபி. பாண்டாஸின் புதிய பதிப்புகள் சரங்களை இதைவிடச் சிக்கனமாக வைக்கின்றன என்றாலும், இந்தக் கோப்புக்கு அந்தச் சிக்கனமும் காணாது.

இவ்வளவு பெரிய கோப்பாக இருந்தாலும், நாம் அதனிடம் கேட்கும் கேள்விகளுக்கு விடை சொல்ல எவ்வளவை நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். மாதவாரியான சராசரித் தொகை வேண்டுமென்றால், 72 மாதங்களுக்கும் ஒரு கூட்டுத்தொகை, ஓர் எண்ணிக்கை, ஆக 144 எண்கள் போதும். ஒவ்வொரு மீட்டரும் கடைசியாக எப்போது வாங்கியது என்று அறிய 4 லட்சம் தேதிகள் போதும். கோப்பு எவ்வளவு பெரிது என்று பார்ப்பதற்கு முன்னால் இந்த எண்ணிக்கையைப் போட்டுப் பார்ப்பதே சரியான முறை என்பது என் கருத்து. அது சிறியதென்றால், கோப்பைப் பத்து லட்சம் வரியாக எடுத்து, வேண்டியதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அந்தத் துண்டை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

```python
import pandas as pd

cols = ["meter", "time", "rand", "kwh"]
types = {"meter": "str", "time": "str",
         "rand": "float64", "kwh": "float64"}
parts = []
for part in pd.read_csv("clean.csv", usecols=cols,
                        dtype=types, chunksize=1_000_000):
    paid = part[part["rand"] > 0]
    month = paid["time"].str[:7]
    parts.append(paid.groupby(month)["rand"].agg(["sum", "count"]))

total = pd.concat(parts).groupby(level=0).sum()
total["mean"] = total["sum"] / total["count"]
```

இதில் டோக்கன் எண்ணை நான் வாசிக்கவே இல்லை. இடத்தை அதிகம் தின்பதும் அதுதான், எந்தக் கேள்விக்கும் உதவாததும் அதுதான். தேவைப்பட்டாலும் அதை எண்ணாக வாசிக்கக் கூடாது: `int64` வகையில் நிற்கும் மிகப் பெரிய எண்ணுக்கு 19 இலக்கங்கள்தான், பின்ன எண் வகையிலோ முதல் 15 இலக்கங்களுக்கு மேல் நம்ப முடியாது. மீட்டர் எண்ணையும் சரமாகவே வைத்திருக்கிறேன். பூஜ்யத்தில் தொடங்கும் மீட்டர் எண்களை எண்ணாக வாசித்தால் அந்தப் பூஜ்யம் உதிர்ந்துபோகும், பிறகு வேறொரு பட்டியலோடு பொருத்தும்போது அந்த வீடுகள் மட்டும் காணாமல் போகும். நான்கு நெடுவரிசைகளோடு பத்து லட்சம் வரிகளுக்கு ஏறக்குறைய 160 எம்பி ஆகிறது. இடையில் உண்டாகும் நகல்களையும் சேர்த்தால்கூட 8 ஜிபி கணினி மூச்சுவாங்காது.

`rand > 0` என்ற நிபந்தனை எதற்கு என்று கேட்கலாம். வறிய குடும்பங்களுக்கு மாதம் 50 யூனிட் இலவசமாகத் தருவது 2003 முதல் தென்னாப்பிரிக்க அரசின் கொள்கை. அந்த யூனிட்டுகளும் டோக்கனாகவே வருவதால், கோப்பில் 0 ராண்டு வரியாகப் பதிவாகும். அது பிழையான வரி அன்று. ஆனால் பணத்தின் சராசரியில் அதைச் சேர்த்தால் சராசரி தாழ்ந்துவிடும், யூனிட் விலையைக் கணக்கிட்டால் இலவச மின்சாரமும் விலையில் கலந்துவிடும். அதே வரி, மீட்டர் இயங்குகிறதா என்ற கேள்விக்கு நல்ல சாட்சி. ஆகவே அதைக் கோப்பிலிருந்து நீக்காமல், கேள்விக்கேற்ப ஒதுக்குவதே முறை.

கூட்டலையும் எண்ணிக்கையையும் தனித்தனியாகச் சேமித்து, வகுத்தலைக் கடைசியில் செய்ததைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு துண்டிலும் சராசரி எடுத்து, பிறகு அந்தச் சராசரிகளுக்குச் சராசரி எடுப்பது இந்த வேலையில் நான் மிக அதிகமாகப் பார்த்த தவறு. எளிமைக்காக, ஒரு மாதத்தின் 9 லட்சம் வரிகள் ஒரு துண்டிலும், 1 லட்சம் வரிகள் அடுத்த துண்டிலும் விழுந்தன என்று வைத்துக்கொள்வோம். முதல் துண்டில் சராசரி 80 ராண்டு, மாதக் கடைசி நாட்கள் விழுந்த இரண்டாவதில் 60. இரண்டின் சராசரி 70 என்று வரும். உண்மையான சராசரியோ 78. மாதத்தின் எல்லை துண்டின் எல்லையோடு ஒருபோதும் ஒத்துப்போகாததால், இந்தப் பிழை ஏறக்குறைய எல்லா மாதத்திலும் வெவ்வேறு அளவில் இருக்கும். வரைபடத்தில் பார்த்தால் இயல்பான ஏற்ற இறக்கம் போலவே தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: `chunksize` மதிப்பைப் பத்து லட்சத்திலிருந்து ஏழு லட்சமாக மாற்றி மறுபடி ஓட்டிப் பார்க்கலாம். துண்டின் அளவை மாற்றினால் விடையும் மாறுகிறது என்றால், எங்கோ துண்டுக்குள்ளேயே முடிவு கட்டிவிட்டோம் என்று பொருள்.

நடுநிலை அளவு, அதாவது வரிசைப்படுத்தினால் சரியாக நடுவில் நிற்கும் தொகை, இப்படிக் கூட்டிச் சேர்க்க முடியாதது என்று பாடங்களில் படித்திருப்போம். பொதுவாக அது உண்மை. ஆனால் நம் கோப்பில் மக்கள் 10, 20, 50, 100 என்று வட்டமான தொகைகளுக்கே வாங்குகிறார்கள். ஒவ்வொரு தொகைக்கும் எத்தனை வரி என்று எண்ணிவைத்தால் சில ஆயிரம் எண்களில் முடிந்துவிடும். அவற்றைச் சிறியதிலிருந்து கூட்டிக்கொண்டே போய் 50 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் நிறுத்தினால், தோராயம் எதுவும் இல்லாத நடுநிலை அளவு கிடைக்கும். கடைக்கு முன்னால் ஒரு நாள் நின்று பார்த்தவருக்கு இது உடனே தோன்றும். எண்களை மட்டும் பார்ப்பவர் இதற்காகத் தோராய முறைகளைத் தேடிப் போவார்.

மேலே உள்ள நிரலில் `sales.csv` என்று இல்லாமல் `clean.csv` என்று இருப்பதற்கும் காரணம் உண்டு. வந்த கோப்பை அப்படியே கொடுத்தால், மூன்றாவது துண்டில் நிரல் இப்படிச் சொல்லி நின்றுவிடும்:

```
ValueError: could not convert string to float: 'rand'
```

மாதத்துக்கு ஏறக்குறைய 21 லட்சம் வரிகள். பிழை 20 லட்சத்துக்கும் 30 லட்சத்துக்கும் நடுவில் வருகிறது என்றால், ஜூலை முடிந்து ஆகஸ்ட் தொடங்கும் இடம் அது. யாரோ 72 மாதக் கோப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் தலைப்பு வரியும் உள்ளே தங்கிவிட்டது. நெடுவரிசையின் வகையை நாம் முன்கூட்டியே சொல்லாமல் விட்டிருந்தால், தலைப்பு வரி உள்ள துண்டுகளில் மட்டும் தொகைகள் எழுத்தாக வாசிக்கப்பட்டு, குழப்பம் வேறெங்கோ தலைகாட்டியிருக்கும். வகையைக் கறாராகச் சொல்வதன் பயன் இதுதான்: கோளாறு இருக்கும் இடத்திலேயே நிரல் நிற்கும்.

தலைப்பு வரிகளை உடனே நீக்கிவிடக் கூடாது. அவை ஒரு தகவலைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

```
grep "^meter," sales.csv | sort | uniq -c
```

விடை ஒரே வரியாக, முன்னால் 72 என்ற எண்ணோடு வந்தால் எல்லா மாதங்களும் ஒரே அமைப்பில் உள்ளன. இரண்டு வரி வந்தால், ஏதோ ஒரு மாதத்தில் நெடுவரிசைகளின் வரிசையோ எண்ணிக்கையோ மாறியிருக்கிறது. ராண்டு இருந்த இடத்தில் யூனிட் வந்து உட்கார்ந்திருக்கலாம், இரண்டுமே எண் என்பதால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. மொத்தம் 72க்குக் குறைந்தால், ஏதோ ஒரு மாதத்தின் தலைப்பு வேறு சொல்லில் தொடங்குகிறது, அல்லது அந்த மாதமே இல்லை. இதைப் பார்த்த பிறகே முதல் தலைப்பை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்க வேண்டும்:

```
(head -n 1 sales.csv; grep -v "^meter," sales.csv) > clean.csv
```

150 துண்டுகளையும் ஒரு சாதாரண மடிக்கணினி சில நிமிடங்களிலிருந்து கால் மணி நேரத்துக்குள் கடந்துவிடும். ஒருமுறை ஓட்டுவதற்கு அது பெரிய நேரமன்று. ஆனால் ஆராய்ச்சி என்பது ஒரே கேள்வியை இருபது விதமாகத் திருப்பிக் கேட்பது. அதற்குத்தான் மாதிரி. (2023இல், லோட் ஷெடிங் மிகக் கடுமையாக இருந்த ஆண்டில், பழைய மின்கலத்தோடு நீண்ட நிரல் ஓட்டியவர்களுக்கு வேறொரு காரணமும் தெரியும். ஒவ்வொரு துண்டின் விடையையும் வட்டில் எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு வந்தது அப்போதுதான்.)

மாதிரி எடுப்பதில் முதல் எண்ணம், நூற்றுக்கு ஒரு வரியைக் குலுக்கலில் எடுப்பது. ஒவ்வொரு துண்டிலும் `part.sample(frac=0.01, random_state=7)` என்று எழுதினால் வேலை முடிந்ததுபோல் இருக்கும். ஆனால் ஒரே விதை எண்ணைத் திரும்பத் திரும்பக் கொடுப்பதால், எல்லா முழுத் துண்டுகளிலும் அதே இடத்தில் உள்ள வரிகளே வரும். சுற்றுக்கு வெளியே ஒரே ஒரு குலுக்கல் இயந்திரத்தை `np.random.default_rng(7)` என்று தொடங்கி, அதையே எல்லாத் துண்டுக்கும் பயன்படுத்த வேண்டும். அப்படி எடுத்த 15 லட்சம் வரிகள், விற்பனையைப் பற்றிய கேள்விகளுக்கு அற்புதமாகப் பொருந்தும். விற்பனைகளில் 30 சதவீதம் 50 ராண்டுக்குக் குறைவானவை என்று மாதிரி சொன்னால், உண்மை அதிலிருந்து ஏறக்குறைய 0.07 சதவீதப் புள்ளிக்குமேல் விலகியிருக்க வாய்ப்பு குறைவு.

இதே மாதிரியிடம் வீட்டைப் பற்றிக் கேட்டால் அது தாறுமாறாகப் பேசும். ஒரு குடும்பம் எத்தனை நாளுக்கு ஒருமுறை வாங்குகிறது என்று கேட்போம். முழுக் கோப்பில் ஒரு மீட்டருக்குச் சராசரியாக 375 வரிகள், ஆறு ஆண்டுகளில். அதாவது 6 நாளுக்கு ஒருமுறை. நூற்றுக்கு ஒரு வரி எடுத்த மாதிரியில் அதே மீட்டருக்கு மூன்றோ நான்கோ வரிகள்தான் தங்கியிருக்கும். இரண்டு வரிகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 400 நாள் வரும். டர்பனில் யாரும் ஓராண்டுக்கு ஒருமுறை மின்சாரம் வாங்குவதில்லை என்பதால் இந்தப் பிழை சிரித்துக்கொண்டே பிடிபட்டுவிடும். பிடிபடாத பிழை வேறு. மாதத்தில் முப்பது தடவை சில்லறையாக வாங்கும் வீடு, ஒரே தடவை வாங்கும் வீட்டைப் போல் முப்பது மடங்கு இந்த மாதிரியில் இடம்பெறும். அந்த வரிகளிலிருந்து ‘ஒரு சராசரிக் குடும்பம்’ என்று எழுதினால், அது சில்லறையாக வாங்கும் குடும்பத்தின் சித்திரமாக இருக்கும். பார்ப்பதற்கோ முழுக்க நம்பும்படியாக இருக்கும்.

கேள்வி வீட்டைப் பற்றியது என்றால் மாதிரியும் வீடாக இருக்க வேண்டும்: நூற்றில் ஒரு மீட்டரைத் தேர்ந்து, அதன் எல்லா வரிகளையும் எடுக்க வேண்டும். முதல் துண்டில் தேர்ந்த மீட்டர் 150ஆவது துண்டிலும் தேர்வாக வேண்டும் என்பதால் குலுக்கல் இங்கே உதவாது. மீட்டர் எண்ணிலிருந்தே ஒரு கலவை எண்ணை உண்டாக்கி, அதை நூறால் வகுத்து மீதி பூஜ்யமாக இருப்பவற்றை எடுப்பதே வழி. சுற்றுக்கு முன் `keep = []` என்று தொடங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இதைச் செய்தால் போதும்:

```python
h = pd.util.hash_array(part["meter"].to_numpy(dtype=object))
keep.append(part[h % 100 == 0])
```

மீட்டர் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களையே பார்த்தால் என்ன என்று தோன்றலாம். 11 இலக்கங்களில் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் இரண்டு தயாரிப்பாளரைக் குறிப்பவை. ஒரே தொகுதியில் வந்த மீட்டர்கள் ஒரே குடியிருப்பில் வரிசையாகப் பொருத்தப்படுவது வழக்கம். ஆகவே எண்ணில் ஒளிந்திருக்கும் அமைப்பை நம்பாமல் கலவை எண்ணைப் பயன்படுத்துவதே பாதுகாப்பு. பைத்தானின் சாதாரண `hash()` மட்டும் கூடாது: சரங்களுக்கு அது ஒவ்வொரு முறை பைத்தானைத் தொடங்கும்போதும் வேறு விடை தரும். திங்கட்கிழமை எடுத்த 4,000 வீடுகளும் செவ்வாய்க்கிழமை எடுத்த 4,000 வீடுகளும் வெவ்வேறாக இருக்கும். விடைகள் சற்றே மாறும்போது எதனால் மாறியது என்று மண்டையை உடைத்துக்கொள்ள நேரும்.

இந்த மாதிரியிலும் 15 லட்சம் வரிகள்தான். ஆனால் பிழையின் அளவை இப்போது 4,000 என்ற எண்ணை வைத்தே கணக்கிட வேண்டும். 30 சதவீதக் குடும்பங்கள் மாதக் கடைசி வாரத்தில் எதுவும் வாங்குவதில்லை என்று மாதிரி சொன்னால், அது இரு பக்கமும் ஏறக்குறைய 1.4 புள்ளி விலகலாம். முன்பு பார்த்த 0.07 எங்கே, இது எங்கே? வரிகள் அதே எண்ணிக்கையில் இருந்தாலும் ஒரே வீட்டின் 375 வரிகள் 375 தனிச் சாட்சிகள் அல்ல. 900 மீட்டர் உள்ள ஒரு சிறு குடியிருப்பைப் பற்றிக் கேட்டால் இந்த மாதிரியில் 9 வீடுகள்தான் இருக்கும். அங்கே மாதிரியை ஒதுக்கிவிட்டு, முழுக் கோப்பையும் ஒருமுறை கடந்து அந்த 900 மீட்டரின் வரிகளை மட்டும் பொறுக்கி எடுப்பது நல்லது.

மாதிரி சரியாக அமைந்ததா என்று பார்க்க, அதன் மாதவாரி மொத்தங்களை நூறால் பெருக்கி, முன்பே முழுக் கோப்பிலிருந்து எடுத்த மொத்தங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். 72 மாதங்களிலும் வேறுபாடு இருபக்கமும் சிதறியிருந்தால் சரி. எல்லா மாதமும் ஒரே பக்கம் சாய்ந்தால், மாதிரியில் பெரிய வாடிக்கையாளர் சிலர் கூடுதலாகவோ குறைவாகவோ சிக்கியிருக்கலாம்: ஒரு பள்ளி, ஒரு கோயில் மண்டபம், ஒரே மீட்டரில் ஓடும் ஒரு கடைத்தொகுதி.

மாதிரி எந்த வகையிலும் உதவாத கேள்வி ஒன்றும் இந்தக் கோப்பில் இருக்கிறது. எஸ்டிஎஸ் என்ற ப்ரீபெய்ட் மீட்டர் தரமுறையில் விற்கும் ஒவ்வொரு டோக்கனிலும், 1993இலிருந்து அதுவரை கடந்த நிமிடங்களின் எண்ணிக்கை 24 இருமக்கூறுகளில் பொதிந்துவந்தது. அந்த எண்ணிக்கை 2024 நவம்பர் 24 அன்று நிரம்பியது. அதற்கு முன் இரண்டு சிறப்பு டோக்கன்களை உள்ளிட்டுப் புதுப்பிக்காத மீட்டர், அதன் பிறகு விற்கும் டோக்கனை ஏற்காது. எந்தெந்த மீட்டர்கள் அந்த நாளோடு ஊமையாகிவிட்டன என்பதுதான் கேள்வி. இங்கே வேண்டியது சதவீதம் அல்ல, வீடு வீடாகப் போக ஒரு பட்டியல். நூற்றில் ஒன்றை எடுத்தால் மற்ற 99 வீடுகளும் இருட்டிலேயே இருக்கும்.

நினைவில் வைக்க வேண்டியதோ 4 லட்சம் தேதிகள் மட்டுமே. சுற்றுக்கு முன் `last = {}` என்று தொடங்கி, ஒவ்வொரு துண்டுக்கும் இதைச் செய்தால் போதும்:

```python
for k, t in part.groupby("meter")["time"].max().items():
    if t > last.get(k, ""):
        last[k] = t
```

நேரம் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதப்பட்டிருப்பதால் சரமாகவே ஒப்பிடலாம். நாள் முதலில் வரும் வடிவமென்றால் இந்த ஒப்பீடு தவறு. இங்கே 0 ராண்டு வரிகளை ஒதுக்கக் கூடாது: இலவச யூனிட்டை உள்ளிட்ட வீட்டின் மீட்டர் உயிரோடுதான் இருக்கிறது.

இப்படிக் கிடைக்கும் பட்டியலில், 2024 அக்டோபர் 1 முதல் நவம்பர் 23 வரை கடைசியாக வாங்கியவர்களை மட்டும் பிரித்துக்கொள்கிறோம். ஆனால் இவர்களில் வீடு மாறிப் போனவர்கள், மீட்டரைச் சுற்றிக் கம்பி இழுத்தவர்கள், பூட்டிய வீடுகள் எல்லாம் கலந்திருப்பார்கள். எவ்வளவு கலப்பு என்று அறிய முந்தைய ஆண்டோடு ஒப்பிட வேண்டும். அதை நேரடியாகச் செய்தால் தவறு: 2023 நவம்பரில் நிறுத்தியவருக்குத் திரும்பி வர 19 மாத அவகாசம் கோப்பில் இருக்கிறது, 2024இல் நிறுத்தியவருக்கு 7 மாதம்தான். ஆகவே கோப்பை இன்னொரு முறை கடந்து, இம்முறை 2024 ஜூன் 30க்குப் பிந்தைய வரிகளைத் தள்ளிவிட்டு, அதே சுற்றை ஓட்ட வேண்டும். 2023 பட்டியலில் 1,000 மீட்டரும் 2024 பட்டியலில் 4,000 மீட்டரும் வந்தன என்றால், ஏறக்குறைய 3,000 மீட்டர்கள் அந்த நிமிடக் கணக்கு நிரம்பியதால் நின்றவை என்று கொள்ளலாம். அந்த 4,000இல் எந்த 3,000 என்பதை இந்தக் கோப்பு சொல்லாது. கதவைத் தட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசி விற்பனை நவம்பர் 24க்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ, அதற்கு முன் எவ்வளவு ஒழுங்காக வாங்கியிருக்கிறார்களோ, அந்த வரிசையில் பட்டியலை அடுக்கிக் கொடுத்தால் தட்டப்போகிறவருக்கு நடை குறையும்.